கடைக்காரம்மா படுத்துவிட்டால் மாவு ஆட்டுவது யார்?

தெருமுனையில் ஓர் இட்லி மாவுக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ், உதவிக்கு ஒரு பெண். காலையில் நாலு டிபன் கடைகளுக்கு மாவு போகும். மாலையில் தெருக்காரர்கள் வந்து வாங்குவார்கள். கடைக்காரம்மாவுக்கு டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால், மாவு ஆட்டத்தான் ஆள் இருக்காது என்று நினைப்போம். ஆனால் கடை முதலில் முடங்குவது பணத்தில்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டைக்கு அந்த அம்மாவின் உடல்நிலை தெரியாது. வாடிக்கையாளர்கள் ஸ்கேன் செய்தபடி இருப்பார்கள், பணம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அரிசி மண்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய நாளில்தான் சிக்கல் தெரியும். போன் ஆஸ்பத்திரியில், பின் நம்பர் அவர் மனசில். பணம் உள்ளே வரும், வெளியே போகாது.

பலர் இதற்குச் செய்வது பின் நம்பரை மகனிடம் சொல்லிவைப்பது. வேண்டாம். நாமே ரகசிய எண்ணைப் பகிர்ந்து பணம் போனால், வங்கியிடம் புகார் செய்யும்வரை போனது முழுக்க நம் தலையில்தான். அதைவிட நல்ல வழி, நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குப் போய், இன்னொருவர் இந்தக் கணக்கை இயக்கலாம் என்று அதிகாரக் கடிதம் கொடுப்பது. அவர் கையெழுத்துப் போட்ட காசோலையும் செல்லும். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உரிமையாளர் இறந்துவிட்டாலோ புத்தி பேதலித்துவிட்டாலோ சட்டப்படி அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஆகவே நாமினி பதிவு தனியாக வேண்டும். இதெல்லாம் நடக்கிற அவசரத்துக்காக, பத்து நாள் சரக்குக்கான ரொக்கத்தை வீட்டில் ஒதுக்கி வைப்பது பழைய வழிதான் என்றாலும் எனக்குப் பிடித்த வழி.

அடுத்தது மாவு. உதவிக்கு இருக்கும் பெண் தினமும் பார்க்கிறாள், அவளுக்குத் தெரியாதா என்பார்கள். அளவுகளை அக்கா போடுவார், அவள் கிரைண்டரைக் கழுவுவாள். அதனால் எழுதிவைக்க வேண்டும். ‘தேவையான அளவு உப்பு’ என்று எழுதினால் அந்தத் தாளால் பயனில்லை. ‘இட்லி அரிசி 8 கிலோ, உளுந்து 2 கிலோ. அரிசி 4 மணி நேரம் ஊறணும், உளுந்து 1 மணி நேரம். உளுந்தை முதலில் ஆட்டு. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கணும். உப்பு கால் கிலோ, தராசில் நிறுத்துப் போடு. வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர்’ என்று எழுத வேண்டும். அதோடு, தப்பு நடந்தால் எப்படித் தெரியும் என்பதும் வேண்டும். கிரைண்டர் உறுமினால் உடனே நிறுத்து. மாவு தொட்டால் சுடுகிறது என்றால் தண்ணீரைச் சேர், இல்லாவிட்டால் சீக்கிரம் புளித்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டால், மறுநாள் டிபன் கடைக்காரர் திட்டும்போதுதான் தெரியவரும்.

எழுதிய தாள் சரியா என்று பார்க்க ஒரே வழி, அந்த அம்மா திடமாக இருக்கும் ஒரு நாளில் நாற்காலி போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்வது. அந்தப் பெண் தாளைப் பார்த்தே ஆட்டட்டும். “அக்கா, இது எவ்வளவு?” என்று அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் விட்டுப்போன ஒரு வரி. பேசாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

போன் நம்பர்கள் பட்டியலிலும் இதே குறைதான் இருக்கும். ‘மெக்கானிக் முருகன்’ என்று நம்பரோடு எழுதினால் போதாது. எந்த கிரைண்டருக்கு அவர், வந்தால் எவ்வளவு கொடுப்பது, அவர் வராவிட்டால் அடுத்து யார் என்பதும் வேண்டும். மண்டிக்காரருக்கு முன்கூட்டியே, “எனக்கு முடியலைன்னா என் மகன் வருவான், பத்து நாள் கடன் கொடுங்க” என்று நேரில் சொல்லி வைத்தால்தான் அந்த நம்பருக்கு மதிப்பு. பட்டியலில் மிக முக்கியமான பெயர் பெரும்பாலும் போட்டிக் கடைக்காரருடையது. பக்கத்துத் தெரு மாவுக் கடையோடு, ஒருவர் படுத்தால் மற்றவர் மொத்த விலைக்கு மாவு கொடுப்பது என்று பேசி வைத்துக்கொண்டால், டிபன் கடைகள் கைவிட்டுப் போகாது. வாடிக்கையை அவர் பிடித்துக்கொள்வாரோ என்ற பயம் நியாயமானது. அவர் கடைக்கும் இதே நிலை வரலாம் என்பதுதான் இருவருக்கும் உள்ள பிணை.

எல்லாவற்றையும் நடத்த முயல்வதும் தவறு. அந்தப் பத்து நாளில் எதை நிறுத்துவது என்பதையும் தாளின் தலையிலேயே எழுத வேண்டும். இந்தக் கடைக்கு என்றால், மாலை சில்லறை விற்பனை நிற்கட்டும், காலை நாலு டிபன் கடைகளுக்கு மட்டும் மாவு போகட்டும் என்பேன். தெருக்காரர்கள் பத்து நாள் கழித்தும் வருவார்கள். டிபன் கடைக்காரர் ஒரு காலை மாவில்லாமல் நின்றால், அன்றே வேறு கடையைத் தேடிவிடுவார்.