புரிகிற தமிழில் ஒரு சுற்றறிக்கை

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் மனிதவள அலுவலராகப் பணியாற்றிய என் முன்னாள் மாணவர், 2015-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தாளுடன் என் வீட்டுக்கு வந்தார். ஊதியத்துடன் கூடிய விடுப்பு குறித்து அத்தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த சுற்றறிக்கை அது. "இதில் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்றார். சட்ட நூலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பிழை ஏதுமில்லை. ஆனால், அந்தப் பிழையற்ற அறிக்கையால் ஒரு பெண் தொழிலாளி ஒன்பது நாள் ஊதியத்தை இழந்திருந்தார்.

சுற்றறிக்கையின் முக்கியப் பகுதி இவ்வாறு இருந்தது: "முந்தைய நாட்காட்டி ஆண்டில் 240 நாட்களுக்குக் குறையாது பணியாற்றியுள்ள தொழிலாளர், அவ்வாறு பணியாற்றிய ஒவ்வொரு 20 நாட்களுக்கும் ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பினைத் துய்க்க உரிமையுடையவராவார், மேற்படி 240 நாட்களைக் கணக்கிடும் பொருட்டு, வேலையளிக்கப்படாத நாட்களும் 12 வாரங்களுக்கு மேற்படாத மகப்பேறு விடுப்பு நாட்களும் பணியாற்றிய நாட்களாகக் கருதப்படுமாயினும், அந்நாட்களுக்கு விடுப்பு ஈட்டப்படமாட்டாது."

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 79-ஆவது பிரிவில் கூறியிருந்ததைத்தான் இது கூறுகிறது. துணி சோதிக்கும் செக்கிங் பிரிவில் பணியாற்றிய அந்தப் பெண், 2014-இல் 170 நாட்கள் வேலைக்கு வந்திருந்தார். 84 நாட்கள் மகப்பேறு விடுப்பில் இருந்தார். அடுத்த ஆண்டு குழந்தைக்கு உடல்நலமின்றிப் போனபோது பதினொரு நாட்கள் வேலைக்கு வர இயலவில்லை. சம்பளத்துடன் விடுப்பு உண்டா என்று டைம் ஆபீசில் கேட்டார். எழுத்தர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, "170 நாள்தானே வந்திருக்கிறீர்கள், 240 வரவில்லையே" என்று கூறிவிட்டார். பதினொரு நாள் சம்பளமும் பிடிக்கப்பட்டது.

உண்மையில் அவருக்கு விடுப்பு உண்டு. தகுதியைப் பார்க்கும்போது 170 நாட்களுடன் மகப்பேறு விடுப்பின் 84 நாட்களையும் கூட்ட வேண்டும். 254 வருகிறது, 240-ஐத் தாண்டிவிட்டது. எத்தனை நாள் விடுப்பு என்று பார்க்கும்போது மட்டும் வேலைக்கு வந்த 170 நாட்களை 20-ஆல் வகுக்க வேண்டும். எட்டரை வருகிறது. அரை நாளோ அதற்கு மேலோ மிஞ்சினால் அதை ஒரு முழு நாளாகக் கொள்ள வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. ஆகவே ஒன்பது நாள். நாளொன்றுக்கு 280 ரூபாய் வீதம் 2,520 ரூபாய் அவருக்குச் சேர வேண்டியிருந்தது.

இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. நிர்வாகம் மறைக்கவில்லை, பலகையில் ஒட்டியிருந்தது. எழுத்தர் ஏமாற்றவில்லை, அவரும் அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டவர்தான். பொருளியலில் தகவலைப் பெறுவதற்கு ஆகும் செலவு என்று ஒன்றைப் பேசுவோம். பலகைக்கும் படிப்பவருக்கும் இடையே நான்கடி தூரம்தான். அந்தச் செலவு முழுவதும் மொழியில் இருந்தது.

அந்த வாக்கியத்தில் கடினம் எங்கே இருக்கிறது? "துய்க்க", "பொருட்டு" போன்ற சொற்களில் என்றுதான் முதலில் நானும் எண்ணினேன். எனவே, அருஞ்சொற்களை நீக்கி, "ஈட்டிய விடுப்பு பெறத் தகுதியுடையோர்" என்று தொடங்கும் புதிய அறிக்கையை எழுதிக் கொடுத்தேன். மாணவர் அதை ஐந்து தொழிலாளர்களிடம் காட்டினார். ஐவரும் தடையின்றி வாசித்தனர். அந்தப் பெண்ணின் கணக்கைப் பெயர் சொல்லாமல் கொடுத்து, "இவருக்கு எத்தனை நாள் லீவு?" என்று கேட்டபோது, ஒருவர்கூடச் சரியான விடை கூறவில்லை. வாசிக்க முடிவது வேறு, வாசித்ததைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருவது வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கடினம் சொல்லில் மட்டுமில்லை, அடுக்கில் இருந்தது. தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். நிபந்தனைகள் எல்லாம் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கும். "உரிமை உண்டு" என்ற செய்தி வந்து சேர்வதற்குள் படிப்பவர் மூன்று நிபந்தனைகளை மனத்தில் சுமந்து நடக்க வேண்டியுள்ளது. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு வெவ்வேறு கணக்குகள் ஒரே வாக்கியத்தில் பிணைக்கப்பட்டிருந்தது. தகுதிக்கு ஒரு கணக்கு, விடுப்பின் அளவுக்கு இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் "நாட்கள்" என்ற ஒரே சொல். "கருதப்படுமாயினும்" என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டும் திசை மாறுகின்றன. எழுத்தர் தடுமாறிய இடம் அதுதான்.

இரண்டாம் முயற்சியில் மறு எல்லைக்குச் சென்றேன். "போன வருசம் எரநூத்தி நாப்பது நாள் வேலைக்கு வந்துருந்தீங்கன்னா" என்று பேச்சொலியை அப்படியே எழுதினேன். இம்முறை எதிர்ப்பு வேறு விதமாக வந்தது. பேக்கிங் பிரிவில் இருந்த மூத்த பெண் ஒருவர், "ஏனுங்க, எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சுட்டாங்களா?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தமிழர் பேச்சை எழுத்தில் படித்துப் பழகியவர்கள் அல்லர். பள்ளியில் கற்ற எழுத்துருவமே கண்ணுக்குப் பழக்கம். "வந்துருந்தீங்கன்னா" என்பதை எழுத்துக் கூட்டி வாசிக்க, "வந்திருந்தால்" என்பதைவிட அதிக நேரம் ஆகிறது. மேலும், அங்கே கோவை மாவட்டத்தாரும் மதுரை, தேனிப் பக்கத்தாரும் ஒன்றாகப் பணியாற்றினர். யாருடைய பேச்சை எழுதுவது?

ஆகவே மூன்றாம் முறை ஒரு வரையறையை வைத்துக்கொண்டோம். சொல்லும் வரிசையும் பேச்சிலிருந்து வரட்டும். எழுத்துக்கூட்டு பள்ளித் தமிழில் இருக்கட்டும். ஊதியம் என்பதைச் சம்பளம் என்றோம். விடுப்பு என்பதை லீவு என்றோம். அந்த வளாகத்தில் விடுப்பு என்று எவரும் சொல்வதில்லை. "தொழிலாளர் உரிமையுடையவராவார்" என்பது "உங்களுக்கு உண்டு" என்றானது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. இரண்டு கணக்குகளுக்கும் தனித்தனிக் கேள்வி. இறுதியில் பலகையில் ஒட்டப்பட்டது இதுதான்:

"சம்பளத்தோடு லீவு: யாருக்கு உண்டு? எத்தனை நாள்?

1. போன வருஷம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை உங்கள் கணக்கில் 240 நாள் சேர்ந்திருந்தால், இந்த வருஷம் உங்களுக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு.

2. அந்த 240 நாளில் எதெல்லாம் சேரும்? நீங்கள் வேலைக்கு வந்த நாள் சேரும். வேலை இல்லை என்று கம்பெனி உங்களுக்கு லே-ஆஃப் கொடுத்த நாள் சேரும். பிரசவ லீவு 12 வாரம் வரை சேரும். அதற்கு முந்தின வருஷக் கணக்கில் கிடைத்து, போன வருஷம் எடுத்த சம்பள லீவும் சேரும்.

3. எத்தனை நாள் லீவு? இதற்கு, வேலைக்கு வந்த நாளை மட்டும் எண்ணுங்கள். 20 நாளுக்கு ஒரு நாள் லீவு. மிச்சம் 10 நாளோ அதற்கு மேலோ இருந்தால் இன்னும் ஒரு நாள். ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் பார்த்தாலும் அது ஒரு நாள்தான்.

4. உதாரணம்: ஒருவர் 170 நாள் வேலைக்கு வந்தார். 84 நாள் பிரசவ லீவில் இருந்தார். மொத்தம் 254. அதனால் அவருக்கு லீவு உண்டு. வேலைக்கு வந்தது 170 நாள். அதனால் 9 நாள் லீவு.

5. லீவு தொடங்குவதற்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். ஜனவரி 13 முதல் லீவு வேண்டுமா? டிசம்பர் 29-க்குள் கொடுங்கள். உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால் இந்த 15 நாள் கெடு கிடையாது.

6. உங்கள் கணக்கு தப்பு என்று தோன்றினால் டைம் ஆபீசில் கேளுங்கள். முழுச் சட்டமும் அங்கே இருக்கிறது."

இரண்டு ஷிப்ட் பற்றிய வரி என் வரைவில் இல்லை. சோதனையின்போது ஓர் இளைஞர், "டபுள் ஷிப்ட் பார்த்தால் இரண்டு நாளா?" என்று கேட்டதால் சேர்த்தது. ஐந்தாம் விதியில் தேதியைக் குறிப்பிட்டதும் அவ்வாறே. "15 நாள் முன்பு" என்பதைச் சிலர் பண்டிகை நாளிலிருந்து எண்ணினர். லீவு தொடங்கும் நாளிலிருந்து எண்ணவில்லை. எளிய சொல்லும் தவறாகப் புரியக்கூடும். ஓர் எடுத்துக்காட்டு அதைத் திருத்திவிடுகிறது.

எளிமை துல்லியத்தைக் கெடுக்கும் என்று சட்டம் அறிந்தவர்கள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. "லே-ஆஃப் கொடுத்த நாள்" என்பதன் சட்டப் பொருளை ஒரு வரியில் முழுமையாக அடக்க இயலாது. அதனால்தான் ஆறாம் வரியில் முழுச் சட்டத்துக்கு வழி வைத்தோம். வழக்கு என்று வந்தால் சட்டத்தின் வாசகமே நிற்கும். பலகையில் உள்ள தாளின் வேலை, தொழிலாளி தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கச் செய்வது.

எளிமையை விரும்புவோர் சலுகை கேட்கவில்லை என்பதற்குச் சட்டமே சான்று. தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, அச்சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டமும் அவ்வாறே கூறியது. மாநில மொழி என்றோ ஆட்சிமொழி என்றோ அவை கூறவில்லை. புரியும் மொழி என்றே கூறின. தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே ஓர் அறிக்கை அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடுவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தோர் பெருகியுள்ள இன்றைய தொழிற்கூடங்களில், அவரவர் மொழியில் பெயர்ப்பவருக்கும் மேற்கண்ட ஆறு வரிகளைப் பெயர்ப்பது எளிது. பழைய வாக்கியத்தைப் பெயர்ப்பது அரிது.

புதிய தாள் ஒட்டப்பட்ட பிறகு, அந்தப் பெண்ணின் கணக்கு திருத்தப்பட்டு 2,520 ரூபாய் வழங்கப்பட்டது. அவரைப் போலவே மேலும் மூவர் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொண்டு டைம் ஆபீசுக்கு வந்ததாக மாணவர் கூறினார். மூவரில் இருவருடைய கணக்கு சரியாக இருந்தது. மூன்றாமவருக்கு ஏன் இல்லை என்பதை எழுத்தர் அதே தாளைக் காட்டி விளக்கினார். அவரும் ஏற்றுக்கொண்டு சென்றார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், இந்த விடுப்புக்கான தகுதி 240 நாட்களிலிருந்து 180 நாட்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. பலகைகளில் உள்ள பழைய தாள்கள் மாற்றப்பட வேண்டும். பழைய வாக்கியத்தில் 240-ஐ அடித்துவிட்டு 180 என்று எழுதுவது எளிது. பல இடங்களில் அதுவே நடக்கக்கூடும். அவ்வாறு செய்தால் தொழிலாளிக்குக் கிடைத்த அறுபது நாள் சலுகை பலகையிலேயே தங்கிவிடும். தாளை ஒட்டுவதற்கு முன் அதனைச் சார்ந்து வாழும் ஐந்து பேரை அழைத்து, ஒரு கணக்கைக் கொடுத்து, "இவருக்கு எத்தனை நாள் லீவு?" என்று கேட்டுப் பாருங்கள். ஐவரும் ஒரே விடையைச் சரியாகக் கூறும்வரை அந்தத் தாள் வரைவுதான்.