42 என்பது பெர்த்தா, வரிசையா?

சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு, ஸ்லீப்பர் வகுப்பில், அவருக்கும் சித்திக்குமாகக் கவுன்டரில் எடுத்த டிக்கெட். பின்னாலேயே ஒரு குரல் செய்தி: “பாத்துச் சொல்லுப்பா. 42, 43-ன்னு போட்டிருக்கு. 42 நடு பெர்த்துதானே?”

கணக்கில் அவர் தப்பில்லை. ஸ்லீப்பரில் 42 நடு பெர்த்துதான். ஆனால் அந்தப் படத்தில் இருந்த 42 பெர்த் எண்ணே இல்லை, காத்திருப்போர் வரிசையில் அவருடைய இடம். பெட்டி எண் வர வேண்டிய இடத்தில் S என்ற எழுத்து இல்லாமல் WL என்று இருந்தது. படத்தை வாங்கியதும் கண் முதலில் போக வேண்டியது அங்கேதான். S9 என்றால் ஒன்பதாவது ஸ்லீப்பர் பெட்டி; B மூன்றடுக்கு ஏசி, A இரண்டடுக்கு ஏசி. பெட்டியின் பெயர் இருந்தால் பக்கத்தில் இருப்பது பெர்த். WL இருந்தால் அது வரிசை எண். RAC இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை.

WL-க்கு முன்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளும் பேசும். சித்தப்பாவுடையது GNWL, அதாவது பொது வரிசை. ரயில் கிளம்பும் ஊரிலோ அதற்கு அருகிலோ ஏறி நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். இந்த ஒதுக்கீட்டில் பெர்த்துகள் அதிகம், அதனால் ரத்தாகிறவையும் அதிகம், வரிசை மளமளவென்று நகரும். நடுவழி ஊர்களுக்கான RLWL, PQWL இரண்டுக்கும் ஒதுக்கீடே சிறியது. அங்கே 12 என்று இருப்பவர், GNWL 42-ஐப் பார்த்துப் பரிதாபப்படத் தேவையில்லை. அவர் நிலைமைதான் பல சமயம் மோசம். தட்கலில் வரும் TQWL இன்னும் பிடிவாதம். அதற்கு RAC என்ற நடுப்படியே கிடையாது.

ஆனால் படத்தில் இருப்பது டிக்கெட் எடுத்த நிமிடத்தின் நிலை. தாளில் அச்சான 42 தானாக மாறாது. ரயில்வே கணினியில் அது தினமும் இறங்கிக்கொண்டிருக்கும். இன்றைய நிலை தெரிய, டிக்கெட்டின் மேல் இடது மூலையில் உள்ள பத்து இலக்க PNR எண் வேண்டும். படம் எடுக்கிறவர்கள் விரலை வைத்து மறைப்பதும் பெரும்பாலும் அந்த மூலையைத்தான்.

மங்கிய மையில் 3-க்கும் 8-க்கும், 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியாது. சித்தப்பா படத்தில் ஏழாவது இலக்கம் அப்படித்தான் இருந்தது. முதலில் 3 என்று போட்டுப் பார்த்தேன். நிலை வந்தது, ஆனால் யாரோ கோயம்புத்தூர் போகிறவருடையது. PNR பக்கத்தில் பயணியின் பெயர் வராது, ‘Passenger 1’, ‘Passenger 2’ என்றுதான் வரும். அதனால் இன்னொருவர் நிலையைப் பார்த்துச் சந்தோஷப்படுவது மிகச் சுலபம். ரயில் எண், தேதி, புறப்படும் ஊர் மூன்றும் படத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே நிலையைப் படிக்க வேண்டும். 8 என்று மாற்றியதும் நெல்லை எக்ஸ்பிரஸ் வந்தது. இணையம் இல்லாதவர்கள் PNR என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்தப் பத்து இலக்கத்தை 139-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம்.

தேதியில் இன்னொரு பொறி இருக்கிறது. அதே ரயிலில் நள்ளிரவு தாண்டித் திருச்சியில் ஏறுகிறவருடைய டிக்கெட்டில், அவர் ஏறும் நேரத்துத் தேதி இருக்கும். 15 என்று அச்சாகியிருந்தால் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு மூட்டை முடிச்சோடு வந்து நின்றவர்களை எந்த ஸ்டேஷனிலும் விசாரித்துப் பாருங்கள், கதை கிடைக்கும்.

சித்தப்பாவுக்குத் திரையில் வந்தது இது: முன்பதிவு நிலை GNWL 42, 43, இப்போதைய நிலை WL 17, 18. அதாவது அவருக்கு முன்னால் நின்றவர்களில் 25 பேர் வரிசையிலிருந்து போய்விட்டார்கள். சிலர் இடம் பெற்று, சிலர் பயணத்தையே கைவிட்டு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது RAC 21, 22. இங்கேயும் 21 என்பது பெர்த் அல்ல, RAC வரிசையின் எண். அந்த நிலையிலேயே ரயில் கிளம்பினாலும் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ்ப் பெர்த் ஒன்றை இருவருக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். இரவு முழுக்க உட்கார்ந்தபடி போக வேண்டிவரலாம், ஆனால் போகலாம். WL-இல் நின்றுவிட்டால் முன்பதிவுப் பெட்டியில் கால் வைக்க முடியாது.

கடைசித் தீர்ப்பு சார்ட். முன்பு ரயில் கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போது போட்டுக்கொண்டிருந்தார்கள். 2025-இல் அதை நன்றாக முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காலை ரயில்களுக்கு முந்தின இரவே தெரிந்துவிடுகிறது. சித்தப்பாவுடையது இரவு ரயில் என்பதால் அன்று மதியத்துக்குள் வந்துவிட்டது: CNF S9 44, S9 46.

இப்போது சித்தப்பாவின் கணக்கைப் போடலாம். ஸ்லீப்பரில் எட்டு பெர்த் ஒரு தடுப்பு. எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 மீதி வந்தால் கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். மீதியே இல்லாவிட்டால் பக்கவாட்டு மேல். 44-க்கு மீதி 4, கீழ்ப் பெர்த். 46-க்கு மீதி 6, மேல். இரண்டும் 41 முதல் 48 வரையுள்ள ஒரே தடுப்பு. முட்டி வலிக்காரரான சித்தப்பா 46-ஐப் பார்த்து முகம் சுளித்தார். சித்தி தன் 44-ஐக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். இரண்டடுக்கு ஏசிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே தடுப்புக்கு ஆறு பெர்த், ஆறால் வகுக்க வேண்டும்.

ஒருவேளை சார்ட்டுக்குப் பிறகும் WL-ஆகவே இருந்திருந்தால்? இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே WL என்றால் அது தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பும். கவுன்டர் டிக்கெட் அப்படி ரத்தாகாது. ரயில் கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்பே நாமாக ரத்து செய்ய வேண்டும், பணத்துக்கு அந்தத் தாள் வேண்டும்.

பயணத்துக்கும் அதே தாள்தான். இணைய டிக்கெட் என்றால் கைபேசியில் வந்த செய்தியும் ஓர் அசல் அடையாள அட்டையும் போதும். கவுன்டர் டிக்கெட்டின் படத்தை டிடிஇயிடம் நீட்டினால் அது டிக்கெட்டாகாது. இதைச் சொன்னதும் போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு சித்தியின் குரல்: “உங்க வெள்ளைச் சட்டை பையில பாத்தீங்களா? அதை நேத்தே வண்ணான்கிட்ட போட்டாச்சே!”

சட்டை அன்று சாயங்காலம் வந்தது. தாள் நல்லவேளையாக நனைந்திருக்கவில்லை; இஸ்திரிக் கடைக்காரர் எடுத்துத் தனியாக வைத்திருந்தார்.