பிரீமியம் கட்டினாலும் விளம்பரம் வருமா?

2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் அமேசான் பிரைம் வீடியோவில் படங்களுக்கும் தொடர்களுக்கும் இடையே விளம்பரங்கள் வரத் தொடங்கின. ஆண்டுக்கு 1,499 ரூபாய் கட்டிவந்தவர்களுக்குச் சந்தாத் தொகை மாறவில்லை, விளம்பரம் மட்டும் கூடுதலாக வந்து சேர்ந்தது. அது வேண்டாம் என்பவர்கள் மாதம் 129 ரூபாயோ, ஆண்டுக்கு 699 ரூபாயோ தனியாகக் கட்ட வேண்டும் என்று நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது அங்கே மொபைல், சூப்பர், பிரீமியம் என்று மூன்று திட்டங்கள் வைத்தார்கள். முதல் இரண்டிலும் விளம்பரம் உண்டு, மூன்றாவதில் இல்லை என்பதே பொதுவாகச் சொல்லப்பட்டது.

இப்படிச் சொல்லும்போது பலரும் ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். அதிகப் பணம் கட்டினால் விளம்பரமும் போய்விடும், படமும் பளிச்சென்று தெரியும், எல்லாப் படங்களும் கிடைக்கும் என்று. உண்மையில் இவை மூன்றும் வேறு வேறு சமாச்சாரங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, எல்லையும் வேறு. நமக்கு இதில் எது தேவை என்று பிரித்துப் பார்க்காமல் கட்டும் பணத்தில் ஒரு பகுதி வீண்தான்.

முதலில் விளம்பரம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட 12 நாடுகளில் நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத்துடன் கூடிய மலிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மணிக்கு நான்கு முதல் ஐந்து நிமிடம் விளம்பரம் வரும் என்று கணக்குச் சொன்னது. ஒவ்வொன்றும் 15 அல்லது 30 விநாடி. நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு விதி அனுமதிப்பது மணிக்கு 12 நிமிடம். அதோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. ஆனாலும் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டால் பத்து, பன்னிரண்டு நிமிடம் வந்துவிடும். தொலைக்காட்சியில் அந்த இடைவெளியில் வேறு சேனலுக்குப் போய்விட்டு வரலாம். ஓடிடியில் படம் நமக்காக நின்று காத்திருக்கும், விளம்பரத்தைப் பார்த்து முடித்தால்தான் மேலே போகும்.

அதைத் தாண்டிப் போக முடியாததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. யூடியூப் விளம்பரங்களைத் தடுக்கும் உலாவி நீட்சிகள், விளம்பரம் தனிக் கோப்பாக வேறு முகவரியிலிருந்து வருவதைக் கண்டுபிடித்து நிறுத்துபவை. பல ஓடிடி நிறுவனங்கள் படத்தையும் விளம்பரத்தையும் தங்கள் சர்வரிலேயே ஒட்டி, ஒரே ஓட்டமாக அனுப்புகின்றன. நம் தொலைக்காட்சிக்கு எது படம், எது விளம்பரம் என்று வித்தியாசம் தெரியாது. எங்கே ஒட்டுவது என்பதைப் படத்தில் முன்பே குறித்துவைத்திருப்பார்கள். காட்சி மாறும் இடத்தில் குறித்திருந்தால் உறுத்தாது. அவசரமாகக் குறித்த படங்களில் பாட்டின் பல்லவிக்கு நடுவே பற்பசை விளம்பரம் வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்வையாளரின் பொறுமையைக் கெடுப்பது விளம்பரத்தின் நீளம் மட்டும் அல்ல, அது விழும் இடமும்தான் என்பது என் அபிப்பிராயம்.

இங்கேதான் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது. ஜியோஹாட்ஸ்டார் பிரீமியம் திட்டத்தின் விவரத்தில் விளம்பரம் இல்லை என்ற வரியோடு ஒரு விலக்கும் சேர்ந்தே இருந்தது: நேரலை விளையாட்டும் நேரலை நிகழ்ச்சிகளும் இதில் அடங்கா. கிரிக்கெட்டுக்காகவே பிரீமியம் கட்டியவர்கள் ஐபிஎல் தொடங்கிய முதல் நாளே ஏமாந்துபோவது இதனால்தான். நேரலையில் ஓவருக்கும் ஓவருக்கும் இடையே, விக்கெட் விழுந்ததும், ஆட்டமே நின்றிருக்கும். அந்த நேரத்தில் காட்ட ஒளிபரப்பில் வேறு எதுவும் இல்லை. தவிர, ஒளிபரப்பு உரிமைக்கு நிறுவனம் கொடுத்த பெருந்தொகையை மீட்கும் முக்கிய வழியே அந்த இடைவெளிகள். விளையாட்டைப் பொறுத்தவரை பிரீமியம் என்பது விளம்பரத்திலிருந்து விடுதலை அல்ல. பணம் கட்டுமுன் அந்தச் சின்ன எழுத்து வரியைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது படத்தின் தெளிவு. விளம்பரத்துக்கும் தெளிவுக்கும் இயல்பாக எந்தத் தொடர்பும் இல்லை. விளம்பரத்தோடும் 4கே காட்டலாம், விளம்பரம் இல்லாமலும் மங்கலாகக் காட்டலாம். இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸ் விளம்பரத் திட்டமே வைத்திருக்கவில்லை. ஆனால் அதன் 149 ரூபாய் மொபைல் திட்டத்தில் 480பி அளவு படம்தான் வரும், 199 ரூபாய்த் திட்டத்தில் 720பி, 499 ரூபாய்த் திட்டத்தில் 1080பி, 649 ரூபாய் கட்டினால்தான் 4கே. விலையை உயர்த்துவதற்கான படிகளாகவே தெளிவை நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. சில சமயம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவதும் உண்டு. 2024இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பிரைம் வீடியோ விளம்பரத்தைக் கொண்டுவந்தபோது, டால்பி விஷன் என்னும் உயர்தர வண்ண முறையும் டால்பி அட்மாஸ் ஒலியும் கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அறிவிப்பில் விளம்பரத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருந்ததால், தங்கள் தொலைக்காட்சியில் டால்பி அடையாளம் காணாமல்போன பிறகே பலருக்கு விஷயம் தெரிந்தது.

4கே நமக்குத் தேவையா என்பதற்கு ஓர் உண்மையான அளவுகோல் உண்டு. நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிட நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்காது. 43 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். 1080பி படத்தில் அந்த அகலத்தில் 1,920 புள்ளிகள் இருக்கும், அதாவது ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. புள்ளியே தெரியாத தூரத்தில் அதை இன்னும் நான்காகப் பிரித்துத் தரும் 4கே என்ன கூடுதலாகக் காட்டிவிடும்? 55 அங்குலத்துக்கு இந்த எல்லை சுமார் ஏழு அடி, 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. பெரும்பாலான நம் வீட்டுக் கூடங்களில் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் எட்டடியாவது இருக்கும். 43 அங்குலம் வைத்திருப்பவர் 4கேவுக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை என்று தயங்காமல் சொல்வேன். 4கேவோடு சேர்ந்து வரும் எச்டிஆர் வண்ணம் மட்டும் இந்தத் தூரக் கணக்குக்கு உட்படாது. இருட்டுக் காட்சிகளில் அதன் வித்தியாசம் தெரியும், ஆனால் அதற்கும் வெளிச்சம் போதிய அளவு தரும் விலை கூடிய தொலைக்காட்சி வேண்டும்.

பணம் கட்டியும் தெளிவு வராமல் போவதுண்டு. நெட்ஃபிளிக்ஸ் 1080பிக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகமும் 4கேவுக்கு 15 மெகாபிட் வேகமும் கேட்கிறது. வீட்டில் நான்கு பேர் ஒரே வைஃபையில் இருந்தால் மாலை நேரத்தில் இந்த வேகம் கிடைக்காமல் படம் தானாகவே மங்கிவிடும். இன்னொரு தடை கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கருவிகளில் படத் திருட்டைத் தடுக்க வைட்வைன் என்றொரு பூட்டு உண்டு. அது எல்1 தரத்தில் இருந்தால்தான் எச்டி படம் திறக்கும். எல்3 தரம் மட்டும் உள்ள மலிவுக் கைபேசியில் நீங்கள் 649 ரூபாய் கட்டினாலும் 480பிதான். நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் Playback Specification என்ற இடத்தைத் தொட்டால் உங்கள் கருவிக்கு எந்தத் தரம், அதிகபட்சம் எவ்வளவு தெளிவு என்று எழுதியிருக்கும். சந்தாவை உயர்த்துமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிடைக்கும் படங்கள். நெட்ஃபிளிக்ஸின் விளம்பரத் திட்டம் தொடங்கியபோது அதன் பட்டியலில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை படங்கள் கிடைக்கவில்லை. பெயரும் போஸ்டரும் திரையில் இருக்கும், மேலே ஒரு பூட்டுப் படம் இருக்கும். காரணம் சட்டம். ஒரு தயாரிப்பாளர் ஓடிடிக்குப் படத்தை விற்கும்போது, சந்தா கட்டுபவர்களுக்கு விளம்பரமின்றிக் காட்டும் உரிமையும், விளம்பரத்தோடு காட்டும் உரிமையும் தனித்தனி. முதல் உரிமையை மட்டும் வாங்கிவைத்திருந்த படங்களுக்கு நடுவே விளம்பரம் போட்டால் ஒப்பந்த மீறலாகிவிடும். அதனால் அந்தப் படங்களுக்கு மறுபடி பேரம் பேசும்வரை பூட்டு. டொராண்டோவிலோ லண்டனிலோ மலிவுத் திட்டம் எடுத்திருக்கும் தமிழர்கள் தேடிய படத்தில் பூட்டைக் கண்டால், படம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். விளம்பரமில்லாத திட்டத்தில் அது இருக்கும்.

அதே சமயம், பிரீமியம் கட்டிவிட்டால் எல்லாம் கிடைக்கும் என்பதும் இல்லை. உரிமக் காலம் முடிந்த படம் எந்தத் திட்டத்திலிருந்தும் போய்விடும். இந்தியாவில் பிரைம் வீடியோ கேட்கும் 699 ரூபாய் விளம்பரத்தை நீக்குவதற்கு மட்டும்தான். அதைக் கட்டினால் வாடகைப் படங்களோ, பிற நிறுவனங்களின் துணைச் சந்தாப் படங்களோ திறந்துவிடாது. பழைய படங்கள் பலவற்றுக்கு 4கே பிரதியே கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அவற்றை எந்தத் திட்டத்தில் பார்த்தாலும் ஒன்றுதான்.

இதையெல்லாம் ஒரு வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 43 அங்குலத் தொலைக்காட்சி, எட்டடி தூரத்தில் சோபா, 40 மெகாபிட் இணைப்பு. அப்பாவும் மகனும் கிரிக்கெட் பார்ப்பார்கள், அம்மா இரவில் படம் பார்ப்பார். ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது 1080பி தெளிவும் இரண்டு கருவிகளும் கொண்ட சூப்பர் ஆண்டுக்கு 899 ரூபாய், 4கேவும் நான்கு கருவிகளும் கொண்ட பிரீமியம் 1,499 ரூபாய். வித்தியாசம் 600. அந்த 600 ரூபாயில் வரும் 4கே இவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கிரிக்கெட்டில் விளம்பரம் போகாது. மிஞ்சுவது அம்மாவின் படங்களில் விளம்பரம் இல்லாமல் போவது ஒன்றுதான். அவர் அங்கே மாதத்துக்கு ஒன்றிரண்டு படம்தான் பார்க்கிறார் என்றால் சூப்பர் போதும். வாரத்துக்கு மூன்று படம் பிரைம் வீடியோவில் பார்க்கிறார் என்றால் அங்கே 699 ரூபாய் கட்டுவது நியாயமான செலவு. மாதம் 58 ரூபாய்தான் ஆகிறது. மணிக்கு நான்கு நிமிடம் என்றே வைத்தாலும் மாதத்தில் சுமார் இரண்டு மணி நேரம் அவருக்கு மிஞ்சும்.

விலைகளும் நிபந்தனைகளும் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே ஆண்டுச் சந்தா புதுப்பிக்கும் நாளில் தானாகப் பணம் போகும்படி விட்டுவிடாமல், திட்ட விவரப் பக்கத்தைத் திறந்து விளம்பரம், தெளிவு, படங்கள் என்ற மூன்றையும் தனித்தனியாக ஒருமுறை படித்துவிட்டுக் கட்டுங்கள்.