சனிக்கிழமை மாலையும் ‘வேண்டாம்’ என்ற சொல்லும்

கொழும்பு மாளிகாவத்தையில் கட்டட வேலைக்கும், பக்கத்திலுள்ள பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் பாரம் ஏற்றி இறக்கும் வேலைக்கும் செல்கின்ற எம்மவர்கள் இன்றும் இருக்கின்றனர். இவர்கள் போரினால் வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள். ஊர் திரும்பிய பின்னரும் ஒரு போக விளைச்சல் கைவிட்டதும் மறுபடி கொழும்புக்கு ரயில் ஏறியவர்களும் இவர்களுள் உண்டு. இங்கே உங்களுக்கு எது கஷ்டம் என்று இவர்களிடம் நாம் கேட்டோம். வெயில், சுமை, அறை வாடகை என்பவற்றுக்கு முன்னதாகப் பலர் சொன்னது வேறொன்று. சனிக்கிழமை பின்னேரம் சம்பளம் கைக்கு வந்த பிறகு வருகின்ற அரைமணி நேரமே அது.

அந்த அரைமணி நேரத்தில் யாராவது ஒருவர் தொப்பியைக் கழற்றிக் காசு சேர்க்கத் தொடங்குவார். சாராயம் வாங்க ஒருவர் போவார், ‘பைட்’ வாங்க இன்னொருவர் போவார். அரைகுறையாக எழும்பிய சுவரின் நிழலிலோ, எவராவது ஒருவருடைய அறையிலோ வட்டமாக அமர்வார்கள். வர விருப்பமில்லாதவன் சைக்கிளை எடுக்கும்போது, “என்ன மச்சான், எங்களோட இருக்கப் பிடிக்கேல்லையோ?” என்ற கேள்வி வரும். உண்மையில் மறுத்தது குடியை. கேட்பவர்களோ தங்களையே மறுத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். சங்கடம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஊரில் இவ்வளவு சங்கடம் இருக்கவில்லை. அருவி வெட்டு முடிந்ததும் வயற்கரையில் கள்ளு முட்டி இறங்கியது உண்மைதான். ஆனால் இன்னாருடைய மகன் குடிக்கமாட்டான், அவன் தகப்பனும் அப்படித்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் தங்கள் பாட்டைப் பார்ப்பார்கள். கொழும்பில் அவனுடைய தகப்பனை யாருக்கும் தெரியாது. நான்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே சாரத்தில் ஏறி நின்று வேலை செய்கின்றனர். ஒருவனை நம்பலாமா, இவன் எப்படிப்பட்டவன் என்று அறிய அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அந்தச் சனிக்கிழமை மாலை ஒன்றுதான்.

போர்க்காலத்தில் இதனோடு பயமும் சேர்ந்திருந்தது. வடக்கிலிருந்து வந்த தமிழர் பொலிஸில் பதிந்து, விசாரணைக்கு விடை சொல்லி வாழ்ந்த காலம் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது. அப்படியான நாட்களில் சிங்களத் தோழர்களோடு அமராமல் தனியே போகிறவன் சந்தேகத்துக்கு ஆளாவான் என்று அஞ்சி, விருப்பமில்லாமலே கோப்பையைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. காலம் மாறிவிட்டது. பழக்கம் மட்டும் சிலரிடம் நின்றுவிட்டது.

மாளிகாவத்தையிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. இங்கு முஸ்லிம் மக்களே பெரும்பான்மையினர். ஒரே வேலைத்தளத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். காசு சேர்க்கும் தொப்பி முஸ்லிம் தொழிலாளியிடம் வரும்போது அவர் ஒரு தடவை கையசைத்தால் அத்துடன் சரி. அவரை யாரும் இரண்டாம் முறை வற்புறுத்துவதில்லை, அவருடன் கோபிப்பதும் இல்லை. எமது ஆளிடம் வந்தால் ஐந்து தடவை கேட்கிறார்கள். ஏன்?

நாம் காணும் காரணங்கள் இரண்டு. முதலாவது, அவர் சொல்வது என்றைக்கும் ஒரே சொல். இன்று ஒரு காரணம், நாளை இன்னொரு காரணம் என்று இல்லை. இரண்டாவது, குடியை விட்டாரே தவிர அவர் கூட்டத்தை விடவில்லை. நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சியை வாளியில் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பார். பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும். வீட்டுக் கல்யாணத்துக்கு வேலைத்தளம் முழுவதையும் அழைத்துச் சகனில் சோறு வைப்பார். அவர் தங்களை வெறுக்கிறார் என்று எவரும் நினைக்க இடமேயில்லை. (முஸ்லிம்களில் குடிப்பவர் எவருமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அது வேறு கதை.)

எம்மவர் பலர் இதற்கு நேர்மாறாக நடக்கின்றனர். “இண்டைக்கு வேண்டாம்”, “வயிற்றில் புண்”, “மருந்து குடிக்கிறன்” என்பார்கள். இன்றைக்கு வேண்டாம் என்றால் அடுத்த சனிக்கு வேண்டும் என்றுதான் கேட்பவர் எண்ணுவார். வயிற்றுப்புண் ஒரு மாதத்தில் ஆறவேண்டும், மருந்தும் முடியவேண்டும். பிறகு பொய் வெளிப்பட்டால் அதுதான் உண்மையான மனத்தாங்கலாகும். எமது கத்தோலிக்கச் சகோதரர்கள் சிலர் தவக்காலத்தைச் சொல்லித் தப்புகிறார்கள். நாற்பது நாளும் ஒருவரும் தொந்தரவு செய்வதில்லை. உயிர்ப்பு ஞாயிறு கழிந்த முதற் சனிக்கிழமை, சேர்த்து வைத்ததுபோல இரட்டைக் கோப்பை வருகிறது! போயா நாளும் அப்படியே. அன்று மதுபானக் கடைகளுக்குப் பூட்டு, ஆனால் வேண்டியவர்கள் முதல்நாள் மாலையே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சிங்களத்திலும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்தல் நல்லது. “அத பே” என்றால் இன்று முடியாது என்று பொருள். “மம பொன்னே நே” என்றால் நான் குடிப்பதில்லை என்று பொருள். முதலாவது பேரம் பேச இடங்கொடுக்கும், இரண்டாவது கொடுக்காது. காரணம் கேட்டால் சிரித்துக்கொண்டு அதையே திருப்பிச் சொன்னால் போதும். குடி கூடாது, குடும்பம் கெடும் என்று அந்த இடத்தில் பிரசங்கம் தொடங்கினால், அது கோப்பை பிடித்திருப்பவரைக் குறை சொல்வதாகவே முடியும்.

சொல்லும் நேரமும் முக்கியம். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரர் எம்மிடம் சொன்னதை இங்கே விபரமாகத் தருகிறோம். அவர் மேசன் ஒருவருக்குக் கையாளாக இருந்தார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர். ஒவ்வொரு சனியும் ஆளுக்கு 1000 ரூபா சேர்ப்பார்கள், மொத்தம் 8000. அதில் பைட்டுக்கு 2000 போக மீதி 6000 சாராயத்துக்கு. இவர் குடிப்பதில்லை, ஆனாலும் வெட்கத்தில் 1000 கொடுத்துவந்தார். பைட்டில் அவருடைய பங்கு 250 ரூபாதான். எஞ்சிய 750 ரூபாவுக்கு மற்றவர்கள் குடித்தார்கள். மாதத்தில் நான்கு சனி என்றால் 3000 ரூபா. பிள்ளையின் ரியூசன் காசுக்குக் கடன் வாங்கிக்கொண்டே இதைக் கொடுத்தேன் என்றார்.

இது ஒருவருடைய வெட்கம் மட்டுமல்ல. இலங்கையில் மதுவும் வறுமையும் பற்றி நோர்வேயைச் சேர்ந்த பாக்லியன் அம்மையாரும் பேராசிரியர் தியநாத் சமரசிங்கவும் ஆய்வு செய்து ஒரு நூல் வெளியிட்டனர். தமது வழமையான வருமானத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ குடிக்குச் செலவாகிறது என்று பத்தில் ஒருவருக்கும் அதிகமான ஆண்கள் அதிலே சொல்லியிருக்கிறார்கள். வருமானத்துக்கு மேல் எப்படிச் செலவழிக்க முடியும்? வேறு யாரோ கொடுக்கவேண்டும். அந்த வேறு யாரோ சில வேளை மனைவி, சில வேளை தொப்பியில் காசு போடுகின்ற குடியாத தோழன்.

அந்தச் சகோதரர் செய்தது இதுதான். சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் பேசவில்லை. வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தலைமை மேசனைத் தனியே கண்டார். “பாஸ், நான் குடிக்கிறேல்லை. பைட்டுக்கு என்ர பங்கைத் தாறன், கொஞ்ச நேரம் இருந்து போறன்” என்றார். மேசன் சரி என்று தலையாட்டினார், அவருக்கு அது ஒரு விடயமே அல்ல. வற்புறுத்துவது அனேகமாகக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான், அவர் பெரும்பாலும் தலைவராக இருப்பதில்லை. சனிக்கிழமை அந்த ஆள் வாய் திறந்தபோது மேசனே, “அவன் குடிக்கமாட்டான், விடு” என்றார். எமது சகோதரர் 250 ரூபாவைக் கொடுத்துவிட்டு, பிளேன்ரீக் கோப்பையோடு அரைமணி நேரம் இருந்து கதைத்தார். இரண்டாம் போத்தல் திறக்க முன் எழும்பினார். இரண்டாம் போத்தலுக்குப் பிறகு எழும்புவது கடினம், அந்த நேரத்துக் கதையும் வேறு மாதிரி என்கிறார் அவர். கோப்பை கையில் இருப்பதும் உதவும், வெறுங்கையைக் கண்டால்தான் ஊற்ற வருவார்கள்.

கொண்டாட்டங்களில் வற்புறுத்தல் மறுபக்கமாக வருகிறது. பிள்ளை பிறந்தாலும், மோட்டார் சைக்கிள் வாங்கினாலும், “பார்ட்டி எங்கே?” என்று கேட்பார்கள். இங்கே தாமதமே எதிரி. பிறகு பார்ப்போம் என்று சொன்னால் அது கடனாகி, வாரத்துக்கு வாரம் வட்டி ஏறிக் கடைசியில் போத்தலாக மாறும். செய்தியைச் சொல்கின்ற அன்றைக்கே, காலைத் தேநீர் வேளைக்கு வடையோ லட்டோ எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டால் கொண்டாட்டம் நடந்து முடிந்ததாகிவிடும். யாராவது மறுபடி கேட்டாலும், தின்றவர்களே பதில் சொல்வார்கள்.

சித்திரைப் புதுவருட விடுமுறையில் நுவரெலியாவுக்கோ கதிர்காமத்துக்கோ வான் பிடித்துப் போகின்ற ‘ட்ரிப்’ மட்டும் வேறு வகையானது. குடிக் காசில் ஒருவர் விலகினால் மற்றவர்களுக்கு நட்டம் பெரிதில்லை. வான் கூலியை ஆட்கணக்கில் பிரித்திருப்பதால், கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் எல்லோருடைய பங்கும் கூடும். அங்கே கோபம் நியாயமானதே. ஆகையால் வரமுடியாது என்பதை வான் பேசமுன் சொல்லவேண்டும். முற்பணம் கட்டிய பின்னர் என்றால், தமது இடத்துக்கு வேறொருவரைத் தாமே தேடிக் கொடுப்பதுதான் முறை.

இவை எல்லா இடத்திலும் பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. குடிப்பவனுக்கே வேலை என்று நடத்துகின்ற மேசன்மாரும் இருக்கின்றார்கள். அதை எப்படி அறிவது? மறுத்த பின் வருகின்ற மூன்று திங்கட்கிழமைகளைக் கவனியுங்கள். கேலி பண்ணினாலும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் கேலி தானாக ஓயும். வேலை இருந்தும், உங்களை விட்டுவிட்டுப் புதியவனைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்த இடத்தில் எந்த நயமான சொல்லும் உதவாது. அப்போது வேறு மேசன் ஒருவரைத் தேடவேண்டியதுதான். கிளிநொச்சிச் சகோதரரும் முன்பு அப்படி ஓர் இடத்தை விட்டு வந்தவர். அங்கே வரவேண்டிய இரண்டு நாட் சம்பளத்தை வாங்க அவருக்கு ஒரு மாதம் எடுத்தது. ஆகவே சம்பளப் பாக்கி கைக்கு வந்த பின்னரே விலகுவதைச் சொல்லுங்கள் என்று எம்மிடம் இரண்டு தடவை சொன்னார்.