யூரிக் அமிலமும் புளிப்புச் செர்ரியும்

நள்ளிரவில் கால் பெருவிரலின் அடிமூட்டு திடீரெனச் சிவந்து வீங்கி, போர்வை படுவதையும் பொறுக்க இயலாத வலியைத் தருவது 'கௌட்' எனும் மூட்டு நோயின் இயல்பாகும். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, அதன் உப்பு ஊசி போன்ற படிகங்களாக மூட்டினுள் படிவதே இதற்குக் காரணம். 100 மில்லிலிட்டர் இரத்தத் தெளிநீரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரையே இவ்வுப்பு கரைந்து நிற்கும். மிஞ்சியது படியத் தலைப்படும். அளவை 6 மில்லிகிராமுக்குக் கீழ் இறக்கி நெடுங்காலம் நிறுத்தினால், முன்னர்ப் படிந்த படிகங்களும் மெல்லக் கரைந்துவிடும். இந்நோய்க்கென்று விற்கப்படும் பொருள்களை மதிப்பிடுவதற்கு இந்த 6 என்னும் எண்ணே தக்க அளவுகோல்.

செர்ரிப் பழத்தின் புகழ் 1950-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த லுட்விக் பிளாவ் என்பவர், நாள்தோறும் அரை இராத்தல் அளவு செர்ரி உண்ட 12 நோயாளிகளின் நிலை சீரடைந்ததாக எழுதினார். பழம் உண்ணாத வேறொரு குழுவை அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பின்னர் 2012-இல் 633 நோயாளிகளைக்கொண்டு வெளியான ஆய்வில், செர்ரி உண்ட இரு நாள்களில் நோய் தாக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. எனினும் அவர்கள் தாமாகவே விரும்பி உண்டவர்கள். பழமே காரணம் என்று இதைக்கொண்டு உறுதி கூற இயலாது.

இதனைச் சோதிக்கும் பொருட்டு நியூசிலாந்தில் 50 நோயாளிகளைப் பல குழுக்களாகப் பிரித்து, புளிப்புச் செர்ரிச் சாற்றின் செறிவை வெவ்வேறு அளவுகளில் 28 நாள்கள் கொடுத்தனர். மிகுந்த அளவு பெற்றவர்கள் வேளைக்கு 30 மில்லிலிட்டராக நாளைக்கு இருமுறை அருந்தினர். 2020-இல் வெளியான முடிவின்படி எந்த அளவிலும் யூரிக் அமிலம் குறையவில்லை. பழத்தின் செந்நிறப் பொருள்கள் அழற்சியைச் சிறிது தணிக்கக்கூடும் என்னும் கருத்து இதனால் பொய்த்துவிடவில்லை. ஆனால் படிகத்தைக் கரைக்கும் வேலை செர்ரியால் ஆகாது என்பது தெளிவு. நம் நாட்டு ரொட்டிக் கடைகளில் கேக்கின்மேல் வைக்கப்படும் சிவப்புச் 'செர்ரி' பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காயே என்பதையும் இங்கு நினைவு கொள்ளலாம். பழச்சர்க்கரை யூரிக் அமிலத்தைக் கூட்டும் தன்மையது. ஆதலால் சர்க்கரை கலந்த செர்ரிப் பானம் நன்மைக்கு மாறாகத் தீமையே செய்யலாம்.

வைட்டமின் 'சி' சற்று வேறானது. அது சிறுநீரகம் யூரிக் அமிலத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைக் குறைக்கிறது. நோயற்றவர்களிடம் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கொடுத்து நடத்திய ஆய்வொன்று, யூரிக் அமிலம் 0.5 மில்லிகிராம் அளவு குறைந்ததாக 2005-இல் தெரிவித்தது. கௌட் உள்ளவர்களிடமோ, 2013-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வின்படி, எட்டு வாரங்களில் குறைந்தது கால் மில்லிகிராமுக்கும் உட்பட்டதே. அதே காலத்தில் அல்லோபூரினால் என்னும் மருந்தைப் புதிதாகத் தொடங்கியோ கூட்டியோ பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் குறைந்தது.

ஒருவருடைய அளவு 9.2 எனக் கொள்வோம். அவர் இறங்க வேண்டிய தூரம் 3.2-க்கு மேல். வைட்டமின் 'சி' அவரை 9.0-க்கோ, மிக நன்றாக வேலை செய்தால் 8.7-க்கோ கொண்டுவரும். அங்கும் படிகம் வளர்ந்துகொண்டேயிருக்கும். அளவை இரட்டிப்பாக்கலாமே என்று எண்ணுவதும் தவறு. மிகுந்த வைட்டமின் 'சி' உடலில் ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகக் கல்லுக்கு இடந்தரும். இந்நோயாளிகளோ கல் தோன்றும் இயல்பு உடையவர்கள். வேறு சில ஊட்டப் பொருள்கள் நேராகவே கேடு செய்யும். ஈஸ்ட் மாத்திரைகளில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின்கள் மிகுதி. பெருமளவு நியாசின் அவ்வமிலத்தை வெளியேறவிடாது தடுக்கும்.

இவ்வளவிருந்தும் 'சாறு குடித்தேன், குணமாயிற்று' என்போர் பலர். அவர்கள் பொய் சொல்வதில்லை. சிகிச்சை ஏதுமின்றியே ஒரு தாக்குதல் ஓரிரு வாரங்களில் தணிந்து, அடுத்தது பல மாதங்கள் கழித்து வருவதுண்டு. இடையில் அருந்தியது எதுவோ அதற்குப் பெயர் கிடைக்கிறது. தாக்குதலின்போது இரத்த அளவு இயல்பாகவும் காணப்படலாம். ஆகவே வலி தணிந்து இரண்டு வாரங்கள் சென்றபின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

அல்லோபூரினால் தொடங்கிய முதல் மாதங்களில், படிகங்கள் கரையத் தொடங்குவதாலேயே புதிய தாக்குதல் வருவதும் உண்டு. இதன்பொருட்டே மருத்துவர்கள் 100 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ தொடங்கி, சோதனை முடிவைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுகின்றனர். கோல்சிசின் போன்ற காப்பு மருந்தையும் மூன்று முதல் ஆறு மாதங்கள் சேர்த்துத் தருகின்றனர். மருந்தைக் கைவிட்டுப் புட்டிச் சாற்றை நாடுவோரில் பலர் இக்கட்டத்திலேயே நாடுகின்றனர். மருந்தினால் உடலில் தடிப்பு தோன்றினால் மட்டும், அதனை உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.