பெயரில் இருக்கிறது சுவை

உணவு விடுதியின் விலைப்பட்டியலில் ஒரு பலகாரத்தின் பெயர் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். என்ன வரப்போகிறது என்று சொல்ல வேண்டும். அதை உண்டு பார்க்கும் ஆவலையும் எழுப்ப வேண்டும். முதல் வேலை மட்டும் நடந்தால் பட்டியல் மளிகைச் சீட்டாகிவிடும். இரண்டாவது மட்டும் நடந்தால் அது விடுகதையாகிவிடும்.

இரண்டையும் ஒருங்கே செய்த பெயருக்குச் 'சிக்கன் 65' நல்ல எடுத்துக்காட்டு. இது சென்னைப் புகாரி ஓட்டலில் 1965-இல் அறிமுகமானது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அறுபத்தைந்து மிளகாய் சேர்ப்பதால் வந்த பெயர் என்றும், அறுபத்தைந்து நாள் வளர்ந்த கோழி என்றும் கதைகள் உண்டு. எண்தான் இத்தனை கதைகளையும் கிளப்பியது. ஆனால், முன்னால் 'சிக்கன்' என்ற சொல் நிற்பதால் தட்டில் வருவது கோழிக்கறி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தெரிந்த சொல் ஒன்று, தெரியாத சொல் ஒன்று என்பதே இதிலுள்ள சூத்திரம். நாளடைவில் 'காலிபிளவர் 65' வந்தபோது, அந்த எண்ணே சிவக்கப் பொரித்த காரப் பண்டத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

மதுரை ஜிகர்தண்டாவின் நிலை வேறு. பெயரில் பாலும் இல்லை, பாதாம் பிசினும் இல்லை, நன்னாரியும் இல்லை. மதுரையில் எல்லாருக்கும் தெரிந்த பானமாதலால் அங்கே விளக்கம் வேண்டுவதில்லை. வெளியூர்க் கடையிலோ பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.

இனி ஒரு பெயரை நாமே அமைத்துப் பார்ப்போம். ஒரு விடுதியில் மாலையில் குழம்பு வைத்து, முறையாகக் குளிரூட்டிப் பாதுகாத்து, மறுநாள் நண்பகல் நன்கு கொதிக்க வைத்துப் பரிமாறுகிறார்கள். 'மீன் குழம்பு' என்றால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். 'அலைகடல் அமுதம்' என்றால் அது குழம்பா, பானகமா என்றே விளங்காது. 'பழைய மீன் குழம்பு' என்றாலோ கெட்டுப்போனதோ என்ற அச்சம் வரும். 'முதல் நாள் வைத்த மீன் குழம்பு' என்று எழுதினால், புளியும் காரமும் மீனில் ஊறிய சுவை நம்மவர் நினைவுக்கு வந்துவிடும். அதன் கீழே, 'வஞ்சிரம், புளி, சின்ன வெங்காயம், காரம் மிகுதி, ஒருவருக்கு இரண்டு துண்டு' என்று ஒரு வரி போதும். வஞ்சிரம் கிடைக்காத நாளில் அந்த வரியை மாற்றியாக வேண்டும். இல்லையேல் பெயர் பொய்யாகிவிடும்.

பெயர் பலித்ததா என்பதைப் பரிமாறுபவரிடம் வரும் கேள்வியைக் கொண்டே அறியலாம். "இது சைவமா, அசைவமா?" என்று கேட்டால் பெயர் தோற்றது. "ஏன் முதல் நாளே வைக்கிறீர்கள்?" என்று கேட்டால் வென்றது. முன்னவர் தயங்கிவிட்டு வழக்கமான சாப்பாட்டையே கேட்பார்; பின்னவர் பதிலைக் கேட்டுக்கொண்டே குழம்புக்குச் சொல்லிவிடுவார். எல்லாப் பண்டத்துக்கும் இப்படிப் பெயர் சூட்டத் தேவையில்லை. இட்லி இட்லியாகவே இருக்கட்டும். அந்த விடுதிக்கே உரிய இரண்டு மூன்று பண்டங்களுக்கு மட்டும் தனிப்பெயர் இருந்தால்தான் கண் அங்கே போய் நிற்கும்.