முகம் தெளிய, சுவர் அடங்கட்டும்

என் தங்கை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வீடியோ காலில் அவள் முகம் எப்போதும் இருண்டே தெரிந்தது. காரணம், முதுகுக்குப் பின்னால் இருந்த பளிச்சென்ற வெள்ளைச் சுவர். காட்சியில் வெளிச்சம் அதிகமென்று பட்டால் கேமரா தானாகவே அதைக் குறைத்துக்கொள்ளும். அப்போது சுவரோடு சேர்ந்து முகமும் மங்கிவிடும்.

அந்த ஒரு சுவருக்கு மட்டும் சாம்பல் கலந்த பச்சை அடித்தோம். வெள்ளையைவிடச் சற்று அடங்கிய நிறம் என்பதால் முகம் எடுப்பாகத் தெரிந்தது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டாகவே வாங்கினோம்; பளபளப்பு இருந்தால் டியூப்லைட் வெளிச்சம் சுவரில் வெள்ளைக் கோடாகத் தெரியும். நாற்காலியைச் சுவரிலிருந்து 3 அடி முன்னால் நகர்த்தியதும் நிழல் விழுவது குறைந்தது. ஜன்னல் முகத்துக்கு எதிரே வரும்படி மேஜையைத் திருப்பினோம்.

பக்கச் சுவரையும் கவனிக்க வேண்டும். அது ஆரஞ்சாகவோ அடர்மஞ்சளாகவோ இருந்தால், வெயில் பட்டதும் அந்தச் சாயல் கன்னத்தில் படியும்.

பெயின்ட் வாங்குவதற்கு முன், அதே நிறத்தில் ஒரு துணியைப் பின்னால் தொங்கவிட்டு, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் கேமராவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.